விரல் போய்ச் சேரும் வரை

"வயசானவங்களுக்கு இதெல்லாம் வராதும்மா. வீட்டுல படிச்ச பிள்ளைங்க இருந்தா கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குச் சொல்லித் தாறேன்."

கொழும்பிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த தம்பி இதைச் சொன்னபோது தோட்டத்து மண்டபத்தில் பதினான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர்கள். மடியில் ஆளுக்கொரு போன். சிம் கோளாறு இருந்தால் பார்ப்பதற்காக என் முதலாளி என்னையும் அனுப்பியிருந்தார். வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் போன் கடையில் பதினோரு வருடமாக நிற்பவள் நான், அதனால் அந்தப் பதினான்கு பேரையும் எனக்குத் தெரியும்.

அந்தத் தம்பி என்ன செய்தார் தெரியுமா? சுவரில் பெரிய படம் காட்டி, "செட்டிங்ஸ் போங்க, அதுல டிஸ்ப்ளே, அதுல எழுத்தப் பெருசாக்குங்க, ஓகேயா, அடுத்தது" என்று ஒரே மூச்சில் ஓட்டினார். ஒரு பெரியம்மா அப்போதுதான் கண்ணாடியை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர் போட்டு நிமிர்வதற்குள் சுவரில் நான்கு படம் மாறிவிட்டது. அப்புறம்தான் "வராது" என்ற தீர்ப்பு.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று வீட்டில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

"தம்பி, இவங்க வாழ்நாள் பூரா தளிரு எது முத்தின இலை எதுன்னு பார்த்துப் பார்த்து ரெண்டு கையாலயும் கிள்ளுனவங்க. கண்ணும் கையும் வராதவங்க இங்க யாரும் இல்ல. வேகம் குறைக்க வராதது உங்க வாய்க்குத்தான்" என்றேன்.

மண்டபம் சிரித்தது. அந்தத் தம்பியின் முகம் சிவந்தது. நல்ல பிள்ளைதான், பாவம், யாரோ கொடுத்த பாடத்தை யாரோ கொடுத்த நேரத்துக்குள் முடிக்க வந்தவர். ஆனால் பாவம் பார்த்து விட்டுவிட்டால் அடுத்த தோட்டத்திலும் அதையே சொல்வார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடமாக நான் மட்டும் என்ன செய்தேன்? கடைக்கு வருபவர்களின் கையிலிருந்து போனை வாங்கி, "குடுங்க பெரியம்மா, நான் செஞ்சு தாறேன்" என்று இரண்டு நொடியில் முடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர்களும் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அதே வேலைக்கு மறுபடியும் வந்தார்கள். அந்தத் தம்பி வராது என்று வாயால் சொன்னார். நான் கையால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும், மண்டபத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரியம்மா வந்து நின்றார்.

"எனக்கு நீ செஞ்சு தர வேணாம் பிள்ள. என் கை கத்துக்கணும்" என்றார்.

காரணத்தையும் சொன்னார். அவருடைய மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதா, வருவதா என்று மாதக் கடைசிக்குள் அந்த வீட்டு மேடத்திடம் சொல்ல வேண்டும். மகளுக்குப் பேச விடுவது சாயந்தரம் ஒரு கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் இங்கே மகன் வீட்டில் இருப்பான். போன் அம்மாவுக்கென்று மகள் அனுப்பியது என்றாலும் பேசுவது மகன்தான். "அம்மா நல்லா இருக்காங்க. வீடு கட்டுற வேல பாதியில நிக்குது. இருந்து முடிச்சிட்டு வரட்டும்னு அம்மாவே சொல்லிட்டாங்க" என்பான்.

"நான் சொல்லவே இல்ல பிள்ள. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள கட் ஆயிரும்."

மகன் கெட்டவன் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறான், குடியில்லை, அம்மாவுக்கு மருந்து வாங்கத் தவறியதில்லை. ஆனால் எல்லோருக்குமாக முடிவெடுக்கிறவன். அப்படிப்பட்டவர்களை எனக்கு எப்போதும் ஆகாது.

"இப்பவே இங்கருந்து மகளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க பெரியம்மா. நான் அமுக்குறேன், நீங்க பேசுங்க" என்று பழக்கத்தில் கையை நீட்டினேன்.

அவர் போனை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீ அமுக்குனா, கடைக்காரப் பிள்ள சொல்லிக் குடுத்து அம்மா பேசுதுன்னு மகன் சொல்லுவான். அவளும் அதத்தான் நம்புவா. சரி, அவ பதில் போட்டா? அத யாரு அமுக்குவா?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். மாதம் முடிய மூன்று வெள்ளிக்கிழமைகள் இருந்தன. வெள்ளிக்கிழமை பகலில் முதலாளி ஜும்ஆ தொழுகைக்குக் கடையை மூடுவார், எனக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். "வாறேன்" என்றேன்.

மற்ற நாட்களுக்கும் ஒரு வழி வேண்டுமே. பெரியம்மாவின் காம்பராவில், அதாவது லயத்து வரிசையில் அவருடைய அறையில், விடியற்காலை சாமிப்பாட்டு பாடும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு, மெமரி கார்டு போட்டுப் பாடுவது. நான் சொல்வதை ஒலிப்பதிவு செய்து அந்தக் கார்டில் போட்டுவிட்டால், பெட்டி பேசப் பேசக் கை போனில் பழகலாம். போனுக்குள்ளேயே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டால், வாய்ஸ் பதிய மைக்கைத் தொட்டதும் என் குரல் நின்றுவிடும். குரல் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை கடையில் நின்றபடியே தெளிவாகப் பேசிப் பதிந்தேன். ஒன்றரை நிமிடம். எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை லயத்துக்கு ஏறிப் போய்ப் பெட்டியில் போட்டேன். பெரியம்மா போனைத் தேடி எடுத்து, முந்தானையால் துடைத்து, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பெட்டி "அவ்வளவுதான், அனுப்பியாச்சு" என்று முடித்துக்கொண்டது.

"யாரு அனுப்புனா?" என்றார்.

மண்டபத்தில் அந்தத் தம்பியைக் கிழித்தேனே, அதே வேகத்தில்தான் நானும் பேசியிருந்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். என் போனைப் பதிவில் வைத்துவிட்டு, வாயை அவர் விரலின் வேகத்துக்கு விட்டேன். விரல் ஓரிடத்துக்குப் போய்ச் சேரும் வரை அடுத்த சொல் கிடையாது என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

"போன இடது உள்ளங்கையில படுக்க வைங்க." நிறுத்தினேன். "வலது பக்கத்து ஓரத்துல மேடா ஒரு கட்டை தட்டுப்படும். தடவிப் பாருங்க." நிறுத்தினேன். ஓரத்தில் இரண்டு கட்டை இருந்தன. நீளமானது சத்தத்துக்கு, குட்டையானது திறப்பதற்கு. அதைச் சொல்ல மறந்திருந்தேன். "ரெண்டு இருக்கும். குட்டையா இருக்குறத ஒரு தடவ அமுக்கி விடுங்க. வெளிச்சம் வரும்." அவர் அமுக்கினார். வெளிச்சம் வந்தது. "இப்ப கீழருந்து மேல ஒரு தடவு."

எங்கே பார்க்க வேண்டும், அங்கே என்ன இருக்கும், அதை எப்படித் தொட வேண்டும், தொட்டால் என்ன வரும் என்ற வரிசை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் எனக்குப் பிடிபட்டது. முதலில் "தொடுங்க" என்று சொல்லிவிட்டு அப்புறம் எதை என்று சொன்னால், விரல் பாதி வழியில் எதையாவது தொட்டுவிடுகிறது. "பச்சையா, உள்ள வெள்ளையில டெலிபோன் படம் போட்டது. கண்டீங்களா? கண்ட பொறகு தொடுங்க" என்றால் விரல் காத்திருக்கிறது. "வேற ஏதாவது வந்திருந்தா பயப்படாதீங்க, ஒன்னும் உடையாது. அடியில நடுவுல ஒரு வட்டம் இருக்கும். அதத் தொட்டா மொதப் பக்கத்துக்கே வந்துருவீங்க." இதை நான்கு இடத்தில் சேர்த்தேன். திரும்பி வர வழி தெரிந்தவர்கள்தான் துணிந்து போவார்கள்.

இன்னொன்று, விரல். பெரியம்மா நகத்தால் தொட்டார். கொழுந்து எடுத்தவர்களுக்குக் கட்டைவிரல் நகமும் ஆட்காட்டி விரல் நகமும்தான் ஆயுதம். போனுக்கு நகம் தெரியாது, சதைதான் தெரியும். சதையும் காய்ப்புப் பிடித்து வறண்டு போயிருந்தால் அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. ஈரத் துணியில் ஒற்றிக்கொண்டு விரலின் வயிற்றால் தொடச் சொன்னேன், போன் கேட்டது. மகளின் படம் எப்போதும் மேலே முதல் ஆளாக நிற்கும்படி நான் பின் குத்தி வைத்தேன். அதை மட்டும் நான் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

இந்த முறை பதிவு இருபத்திரண்டு நிமிடம். பெருமையோடு இறங்கிப் போனேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை நான் படியேறும்போதே பக்கத்துக் காம்பராக்காரிகள் இரண்டு பேர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ள, ஒன் பெட்டி கெட்டுப்போச்சு. அடிக்கடி நின்னு நின்னு போகுது" என்றாள் ஒருத்தி.

கெடவில்லை. விரல் போய்ச் சேரட்டும் என்று நான் விட்ட இடைவெளியில் பெட்டி செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அணைத்து, மறுபடி போட்டிருக்கிறார்கள். அது முதலிலிருந்து "போன இடது உள்ளங்கையில படுக்க வைங்க" என்று தொடங்கியிருக்கிறது. ஒரு வாரம் முழுக்க லயமே போனை இடது உள்ளங்கையில் படுக்க வைத்திருக்கிறது, அதைத் தாண்டவில்லை. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. ஒரு வாரம் போய்விட்டதே.

அங்கேயே உட்கார்ந்து மறுபடியும் பதிந்தேன். இடைவெளிகளை வெறுமையாக விடவில்லை. "தேடுங்க, நான் இங்கதான் இருக்கேன்", "அவசரமில்ல பெரியம்மா", "கண்டுட்டீங்களா, இன்னும் இல்லன்னா மறுபடி சொல்றேன்" என்று மெதுவாக எதையாவது போட்டுக்கொண்டே வந்தேன்.

மகளின் படம் வரைக்கும் பெரியம்மா தானாகவே வந்துவிட்டார். மைக்கில் வந்து மாட்டிக்கொண்டோம்.

கீழே வலது மூலையில் மைக் படம். அதில் விரலை வைத்து, எடுக்காமல் பிடித்துக்கொண்டே பேசி, முடிந்ததும் விட வேண்டும். நான் சொன்னதும் அதுதான். பெரியம்மா தொட்டார். தொட்ட கணமே கை எகிறித் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கிள்ளியதைக் கூடைக்குள் எறிந்து எறிந்து நாற்பது வருடம் பழகிய கை, தொட்ட இடத்தில் தங்காது. திரையில் என்னவோ இங்கிலீஷில் ஒரு வரி வந்து மறைந்தது, அவ்வளவுதான். பத்துத் தடவை. பதினைந்து தடவை. இஸ்தோப்பில் இருந்த இருவரும் தாங்களும் செய்து பார்த்தார்கள். மூன்று கையும் மூன்று தோளுக்குப் போயின.

மணி ஒன்றரை. கடை திறக்க வேண்டும். "புடிச்சுக்கிட்டே இருங்கன்னு எத்தன தடவ சொல்றேன் பெரியம்மா! எடுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் போனை மடியில் வைத்தார். "நாப்பது வருஷம் கங்காணி கத்துனான். கை ஓட்டமா ஓடணும்னு கத்துனான். இப்ப நீ நிக்கணும்னு கத்துற. ஒங்களுக்கெல்லாம் எங்க கைய வெச்சு என்னதான் செய்யணும்?"

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அன்று நான் மண்டபத்தில் பேசிய வீரம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அவர் கோபத்தோடு போனை மறுபடி எடுத்தார். மைக்கின் மேல் விரலை அழுத்தி ஊன்றினார். முத்திப்போன தண்டைப் பிடுங்குவது போல் ஒரு நொடி இறுக்கி, அப்படியே மேலே இழுத்து எடுத்தார். கை தோளுக்குப் போய்விட்டது. ஆனால் திரையில் ஒரு சின்னப் பூட்டு விழுந்தது. சிவப்புப் புள்ளி மினுங்கியது. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. விரல் எதுவும் தொடாமலே போன் கேட்டுக்கொண்டிருந்தது.

மைக்கை அழுத்தி மேலே இழுத்தால் பதிவு பூட்டிக்கொள்ளும், பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. போன் கடையில் பதினோரு வருடம் நின்ற எனக்கு இது தெரியாது. நான் எப்போதும் பிடித்துக்கொண்டே பேசித்தான் பழக்கம்.

"பெரியம்மா! மறுபடி அப்படியே செய்ங்க!"

"எப்படி?"

"முத்தின தண்டப் புடுங்குற மாதிரி. கொஞ்சம் இறுக்கிப் புடிச்சு, மேல எடுங்க."

எடுத்தார். பூட்டு விழுந்தது. இஸ்தோப்புக்காரிகளும் எடுத்தார்கள். ஒருத்தி இடது பக்கமாக இழுத்துவிட்டதால் அவளுடையது அழிந்து போனது. மேலேதான் போக வேண்டும் என்று அதையும் பதிவில் சேர்த்தேன். எந்தக் கை சரிப்படாது என்று நான் கத்தினேனோ அந்தக் கைதான் வழியைக் கண்டுபிடித்தது. வராது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி இதைக் காட்ட வேண்டும் போல இருந்தது. வரிசையில் முதல் ஆளாக என்னையும் நிறுத்தத்தான் வேண்டும்.

வேறொரு சிக்கல் மிச்சம் இருந்தது. சோதனைக்குப் பதிந்ததைப் போட்டுக் கேட்டால், பெரியம்மாவின் குரலுக்குப் பின்னால் பெட்டியிலிருந்து என் குரலும் "அவசரமில்ல பெரியம்மா" என்று கேட்டது. இதை மகள் கேட்டால், யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றே நினைப்பாள். அதனால் வரிசையை மாற்றினேன். பேசி முடித்தபின் செய்ய வேண்டியதை முன்னாலேயே சொன்னேன்: "வலது மூலையில பச்சையில ஒரு அம்பு வந்திருக்கும். பேசி முடிச்சதும் அதத் தொட்டாப் போயிரும். இடது பக்கத்துக் குப்பைத் தொட்டியத் தொட்டுராதீங்க, அழிஞ்சிரும். இப்ப மனசுல வெச்சுக்கிட்டீங்களா? என்ன அணைச்சிட்டு நீங்க ஆரம்பிங்க."

கடைக்கு அரை மணி நேரம் பிந்தித்தான் போனேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, அந்த மாதத்தின் கடைசி வெள்ளி. நான் போனபோது பெரியம்மா குளித்து, தலை சீவி, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் படம் தெரியாது, குரல் மட்டும்தான் போகும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அவர் பெட்டியைப் போட்டார். என் குரல் பேசியது. விரல் சில இடங்களில் குரலுக்கு முந்தியே போய்க் காத்திருந்தது. குட்டைக் கட்டை, மேலே ஒரு தடவு, பச்சைப் படம், மகளின் முகம். பெட்டியை அணைத்தார். மைக்கை இறுக்கிப் பிடித்து மேலே எடுத்தார்.

"அம்மா பேசுறேன்டி. நான் உன்ன இன்னும் இருக்கச் சொல்லவே இல்ல. அவன் சொன்னது அவனோட பேச்சு. என் பேச்சில்ல."

பச்சை அம்பைத் தொட்டார். போய்விட்டது. பக்கத்தில் ஒரு சின்ன சரி அடையாளம் விழுந்தது, பிறகு இரண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கலங்கவில்லை, திரையை முறைத்துக்கொண்டே இருந்தார்.

அங்கே அப்போது காலை பத்தரை இருக்கும், மகள் துணி காயப்போட, போனையும் மறைத்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வரும் நேரம். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. பெரியம்மா அதைக் கேட்பதற்கான முக்கோணத்தைத் தொட்டார்.

"அம்மா? அம்மாவா பேசுனீங்க? யாரும்மா அமுக்கிக் குடுத்தது? பக்கத்துல யாரு இருக்கா? அண்ணன் நிக்குதா? யாராச்சும் நின்னா ஒன்னும் சொல்லாதீங்க. யாரும் இல்லன்னா மட்டும் சொல்லுங்க, நான் வரவா?"

அதே நேரம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகன் மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்தான். தங்கையின் குரலைக் கேட்டு உள்ளே காலெடுத்து வைத்தவன், அம்மாவின் கையில் போனைக் கண்டு, "குடுங்கம்மா, நான் பேசுறேன்" என்று கையை நீட்டினான். அப்பட்டமாக என் கை. கடையில் பதினோரு வருடம் நான் நீட்டிய கை.

பெரியம்மா எழுந்து நின்றார். "வெளிய நில்லு" என்றார்.

"அம்மா..."

"வெளிய நில்லுன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும்தான் பிள்ள."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் உழைத்தவள் நான். ஆனால் யாரும் இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் யாரும் இருக்கக் கூடாதுதானே. நான் எழுந்து இஸ்தோப்புக்கு வந்தேன். மகனும் வந்தான். கதவு சாத்திக்கொண்டது. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"யாருக்கா அம்மாவுக்கு இதெல்லாம் கத்துக் குடுத்தது?" என்றான் அவன். குரலில் கோபம் இருந்தது. அதைவிடக் குழப்பம் அதிகமாக இருந்தது.

"அவங்களேதான் கத்துக்கிட்டாங்க. எனக்கும் கத்துக் குடுத்தாங்க" என்றேன்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. உள்ளே மூச்சு விட்டாலும் வெளியில் கேட்கும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. விரல் இடத்தைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். மகன் கதவைத் தட்டக் கை தூக்கினான். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"யாரும் இல்லடி" என்றார் பெரியம்மா உள்ளே, எங்கள் இருவருக்கும் கேட்கும்படியே. "நான் மட்டுந்தான். வீடு பாதியில நிக்கட்டும். நீ முழுசா வந்து சேரு."